தையல், வளைவு, இரட்டை உருவம்: பெரிய கோவில் முற்றத்தில் ஒட்டிய பனோரமாக்கள்

1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைப் படம் பிடிப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று. ஒரே படத்தில் அடங்குகிற நீளம் அல்ல அது. சுவரையொட்டிக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். அச்சிட்ட படங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஓடுகிறது அந்தப் பனோரமா.

கணினியில் பனோரமா தைக்கும் இன்றைய ஆட்கள் முதலில் வியக்க வேண்டியது அவர் கேமராவை நகர்த்தினார் என்பதைத்தான். ஏனென்றால் நமக்குச் சொல்லித்தரப்படுவது நேர் எதிரானது: கேமரா நகரவே கூடாது. இரண்டும் சரிதான். தனித்தனிப் படங்கள் பிசிறில்லாமல் பொருந்துவதற்கு இரண்டே நிலைமைகள் உண்டு. எடுக்கப்படும் பொருள் தட்டையாக இருந்தால் கேமரா எங்கே வேண்டுமானாலும் போகலாம். தட்டையாக இல்லாமல் கிட்டேயும் எட்டேயும் பொருள்கள் கலந்து கிடந்தால், கேமரா ஒரே புள்ளியில் நின்று திரும்ப மட்டுமே செய்யலாம். கல்வெட்டுச் சுவர் ஏறக்குறைய முதல் வகை. அதே கோவிலின் திறந்த முற்றம் இரண்டாவது வகை. ட்ரைப்பின் முறையில் முற்றத்தை எடுக்கப்போனால் தூண்கள் ஒன்றோடொன்று சண்டை போடும்.

அந்த முற்றத்தையே இங்கே சோதனைக் களமாக வைத்துக்கொள்கிறேன். கிழமேலாகச் சுமார் 240 மீட்டர், தென்வடலாகச் சுமார் 120 மீட்டர். சுற்றிலும் திருச்சுற்று மாளிகையின் தூண் வரிசை, நடுவே நந்தி மண்டபம், அதற்கு மேற்கே 200 அடியைத் தாண்டி எழும் விமானம். தெற்குத் திருச்சுற்றின் நடுவிலிருந்து சற்றுக் கிழக்கே நின்று வடமேற்கே பார்த்தால் விமானம் சுமார் 100 மீட்டர் தள்ளி இருக்கும். படத்தின் ஓரத்தில் வரும் தூணோ 3 மீட்டரில் இருக்கும். நடுவில் மனிதர்கள் ஓயாமல் நடந்துகொண்டிருப்பார்கள். ஒரு பனோரமா கெட்டுப்போவதற்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இங்கே ஒரே பார்வையில் கிடைக்கிறது.

இதை எடுக்க நான்கு வழிகள் உண்டு. கைபேசியின் பனோரமா வசதியில் கையை நீட்டி ஒரே இழுப்பாக இழுப்பது ஒன்று. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு உடம்பைத் திருப்பித் திருப்பி எடுப்பது இரண்டாவது. லென்ஸிலிருந்து ஒரு நூலில் குண்டு தொங்கவிட்டு, அதன் நுனி தரையில் ஒரே அடையாளத்தின் மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டு திரும்புவது மூன்றாவது. ட்ரைபாடில், லென்ஸின் சுழல்மையம் சரிசெய்யப்பட்ட தண்டவாளத்தில் கேமராவைப் பூட்டி எடுப்பது நான்காவது. நான்கிலும் கிடைக்கும் பனோரமாக்களைச் சிறிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குக் கைபேசிப் படம்தான் பிடிக்கும். பளிச்சென்று, ஒட்டுத் தெரியாமல் இருக்கும். ஒப்பீடு அங்கேயே தடம் புரள்கிறது. தைத்த படத்தில் கண்ணுக்குத் தெரியாத குறை என்பது பெரும்பாலும் வேறொரு குறையாக மாற்றி ஒளித்துவைக்கப்பட்ட குறை. எந்தக் குறை எந்தக் காரணத்தால் வந்தது என்று கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் எந்தப் படம் மேல் என்று சொல்லவே முடியாது.

முதலில் தூணைப் பார்ப்போம். முற்றத்துப் பிழைகளில் மிகப் பெரியது அங்கேதான் விழுகிறது.

24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், கேமரா நெடுக்குவாக்கில். ஒரு படத்தின் அகலம் 4000 பிக்சல். அது பார்க்கும் கோணம் சுமார் 53 பாகை. படத்துக்குப் படம் 30 பாகை திரும்பினால் 23 பாகை அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும். ஐந்து படங்களில் ஏறக்குறைய 173 பாகை அடங்கிவிடும். இப்போது உடம்பைத் திருப்பி எடுக்கிறவரைக் கவனியுங்கள். அவர் திரும்புவது தன் முதுகெலும்பை மையமாக வைத்து. லென்ஸோ அதற்கு முன்னால் சுமார் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. 30 பாகை திரும்பும்போது லென்ஸ் திரும்புவதோடு நிற்காமல் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்ந்தும் போகிறது. இந்த நகர்வால் 100 மீட்டரில் இருக்கும் விமானம் படத்தில் வெறும் 4 பிக்சல் இடம் மாறும். 3 மீட்டரில் இருக்கும் தூண் சுமார் 138 பிக்சல் மாறும். விமானத்தைப் பொருத்தினால் தூண் இரண்டாகும். தூணைப் பொருத்தினால் விமானம் இரண்டாகும். எந்த மென்பொருளாலும் இரண்டையும் சேர்த்துப் பொருத்த முடியாது, ஏனென்றால் அந்த இரண்டு படங்களும் உண்மையிலேயே இரண்டு வேறு இடங்களிலிருந்து பார்த்தவை. பள்ளிப் பாடத்தில் படித்த இடமாறு தோற்றம்தான் இது.

ட்ரைபாடில் வைத்துவிட்டாலே இது தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. ட்ரைபாடின் திருகு கேமராவின் அடியில் இருக்கிறது. சுழல வேண்டிய புள்ளியோ லென்ஸுக்குள், முன்பக்கமிருந்து பார்த்தால் துளை தெரிகிற இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் 8 செ.மீ. இடைவெளி என்றால் அதே தூண் இன்னமும் 55 பிக்சல் நகரும். தண்டவாளம் வைத்து அந்தப் புள்ளியைச் சுழல் அச்சின் மேலே 2 மி.மீ. துல்லியத்துக்குக் கொண்டுவந்தால் பிழை ஒன்றரை பிக்சலுக்குள் அடங்கும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கிட்டே ஒரு தூணின் விளிம்பும் எட்டே இன்னொன்றின் விளிம்பும் ஒரே கோட்டில் தெரியும்படி நின்று, கேமராவை இடவலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் திருப்பும்போது கிட்டத்து விளிம்பு எட்டத்து விளிம்பைவிட்டு இடப்பக்கமாக விலகினால் லென்ஸ் அச்சுக்கு மிகவும் முன்னால் இருக்கிறது. பின்னுக்கு இழுக்க வேண்டும். வலப்பக்கமாக விலகினால் முன்னுக்குத் தள்ள வேண்டும். விலகாமல் நின்றால் அதுதான் இடம். தண்டவாளத்தில் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளலாம். ஜூம் லென்ஸாக இருந்தால் ஒவ்வொரு குவிதூரத்துக்கும் வேறு கோடு.

மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், சாதாரணமாகக் கோவிலுக்குப் போகிறவருக்கு நான்காவது வழி கைகூடுவதில்லை. இங்கேதான் நூலுக்கு மரியாதை. லென்ஸ் வளையத்தில் ஒரு ரப்பர் பட்டை போட்டு அதில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு சின்ன நட்டைத் தொங்கவிட்டு, தரையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டால் போதும். நாணயத்தின் மேலேயே நட்டு நிற்கும்படி நாம்தான் கேமராவைச் சுற்றி நடக்க வேண்டும். கேமரா நம்மைச் சுற்றி வரக்கூடாது. கொஞ்சம் பழகினால் 1 செ.மீ. வட்டத்துக்குள் பிடித்துக்கொள்ளலாம். அப்போது தூணின் நகர்வு 138லிருந்து 13 பிக்சலுக்கு இறங்குகிறது. அந்த அளவைத் தையலை வேறு வழியில் திருப்பிவிட்டு மறைத்துவிட முடியும். பத்து ரூபாய்ச் செலவில் பத்து மடங்கு லாபம். பனோரமாக் கருவிகளின் விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கைபேசியின் கதை வேறு. கை நீட்டிய தூரம் என்பதால் லென்ஸ் அதிகமாகவே நகர்கிறது. ஆனால் அது அகலமான ஐந்து படங்களுக்குப் பதிலாக மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாக எடுத்து அடுக்குவதால் இடமாறு தோற்றப் பிழை ஒரே இடத்தில் பிளவாக விழாமல் சின்னச் சின்னதாகச் சிதறிவிடுகிறது. கீற்றின் அகலம் தூரத்து விமானத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டால், கிட்டத்துத் தூண் அதைவிட வேகமாகக் கேமராவைக் கடந்து போய்விடும். கீற்றுக்குக் கீற்று தூணின் ஒரு துண்டு விட்டுப்போகும். விளைவு: தூண் இரண்டாகத் தெரியாது, மெலிந்து தெரியும். அதன் சாய்ந்த கோடுகளில் பல் பல்லாக வெட்டு இருக்கும். சின்னத் திரையில் இது கண்ணில் படாது. முழு அளவுக்குப் பெரிதாக்கி, தூணின் சாய்ந்த கோடு ஒன்றை விரலால் தொட்டுக்கொண்டே வந்தால் தெரியும். அந்தத் தூணின் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதத்தை ஒரு தனிப் படத்தோடு ஒப்பிட்டாலும் தெரியும். கட்டடத்தைப் பதிவு செய்கிறவருக்கு மெலிந்த தூண் இரட்டைத் தூணைவிட ஆபத்து. இரட்டைத் தூணை யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது வெளிச்சத் தையல். இதைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும், காரணங்கள் எளியவை. கேமரா தானாக வெளிச்சம் அளக்கும்படி விட்டிருந்தால், நிழலில் கிடக்கும் திருச்சுற்றுக்கு ஓர் அளவும் வெயில் அடிக்கும் விமானத்துக்கு வேறோர் அளவுமாக எடுத்து வைக்கும். ஒயிட் பேலன்ஸையும் தானாக விட்டால் மாலை வெயிலில் சிவந்த கல் ஒரு படத்தில் செம்மையாகவும் அடுத்ததில் சாம்பலாகவும் வரும். மேனுவலில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது லென்ஸின் மூலை இருட்டு. ஒவ்வொரு படத்தின் மூலையும் கொஞ்சம் மங்கலாக இருப்பதால் வானத்தில் மங்கலும் பளிச்சுமாக ஒரு வரிசை திரும்பத் திரும்ப வரும். வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து கான்ட்ராஸ்ட்டை மிகையாக ஏற்றிப் பாருங்கள்; இருட்டு வரிசை சீரான இடைவெளியில் வந்தால் அது தையல். ஒரே ஓர் இடத்தில் அகலமாக இருண்டிருந்தால் அது தையலே இல்லை. லென்ஸில் போலரைசர் மாட்டியிருக்கிறார்கள். சூரியனுக்கு 90 பாகையில் வானம் இயல்பாகவே அதில் கறுத்துத்தான் தெரியும். பனோரமாவுக்குப் போலரைசரைக் கழற்றிவிடுவதுதான் மருந்து.

தையலை மறைக்கும் கலையில் பெரிய திருப்பம் 1983இல் வந்தது. பீட்டர் பர்ட்டும் எட்வர்ட் ஆடல்சனும் படத்தை நுணுக்க அளவுகளாகப் பிரித்துக் கலக்கும் முறையை எழுதினார்கள். வானத்தின் நிறம்போல மெதுவாக மாறுகிறவற்றை அகலமான பட்டையில் கலப்பது, கல்லின் சொரசொரப்புபோல நுணுக்கமானவற்றை மிகக் குறுகிய பட்டையில் கலப்பது. மாத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2007இல் வெளியிட்ட தானியங்கித் தையல் முறையும் இதையே பயன்படுத்தியது. ஹியூஜின் என்ற இலவச மென்பொருளோடு வரும் என்பிளெண்டும் இதைத்தான் செய்கிறது. அதற்கு முந்தைய எளிய வழி, படியும் பகுதி முழுவதிலும் இரண்டு படங்களையும் சராசரி எடுப்பது. அதில் தையல் கோடு தெரியாது. ஆனால் 23 பாகை அகலத்துக்குத் தூண் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஒரு குறையை இன்னொன்றாக மாற்றியதுதான் மிச்சம்.

வளைவைப் பற்றித்தான் அதிகமாகத் தப்பான தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. "கோவில் சுவர் வில்லாக வளைந்திருக்கிறது, மென்பொருள் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். வளைவுகளில் குற்றமில்லாத வளைவு ஒன்று உண்டு.

வடக்குத் திருச்சுற்றுக்கு நேர் எதிரே 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அதன் கூரை விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கேமராவில் நடுப்படத்தில் அந்த விளிம்பு கண்மட்டக் கோட்டுக்கு 600 பிக்சல் மேலே விழும். 60 பாகை பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் அதே விளிம்பு இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே 300 பிக்சல் மேலேதான் விழும். பனோரமாவை உருளையில் சுற்றிய தாளாக விரிக்கும் முறையில், இந்த 600ம் 300ம் உள்ளபடியே தாளில் இறங்குகின்றன. நேர்க்கோடான கூரை, நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் வில்லாகிறது. கண்மட்டத்துக்குக் கீழே உள்ள தரை விளிம்பு எதிர்ப்பக்கமாக வளைகிறது. கண்மட்டத்தில் ஓடும் கோடு மட்டும் நேராகவே நிற்கிறது, தூண்களும் நேராகவே நிற்கின்றன. பிழை எதுவும் இல்லை. கைபேசி தருவதும் பெரும்பாலும் இந்த விரிப்புத்தான்.

இந்த வில்லை நிமிர்த்த வேண்டுமென்றால் விரிப்பை மாற்றலாம். சாதாரணக் கேமரா படத்தைப்போல எல்லா நேர்க்கோடுகளையும் நேராகவே வைக்கும் தட்டை விரிப்பு இருக்கிறது. ஆனால் 120 பாகை அகலத்துக்கு அதைப் போட்டால் ஓரத்தில் உள்ளது உயரத்தில் இரண்டு மடங்கும் அகலத்தில் நான்கு மடங்கும் இழுபடும். ஓரத்தில் நிற்கும் அம்மையார் தூணைவிடப் பருத்துவிடுவார். 90 பாகையைத் தாண்டினால் நான் இதைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, 18ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பானினியின் பெயரால் ஒரு விரிப்பு உண்டு. நடுவிலுள்ள மறைபுள்ளியை நோக்கி ஓடும் கோடுகளையும் செங்குத்துக் கோடுகளையும் நேராக வைத்துவிட்டு, குறுக்குக் கோடுகளை மட்டும் வளைய விடும். ராமேஸ்வரம் பிரகாரத்தை ஒரு முனையிலிருந்து பார்ப்பதுபோன்ற காட்சிக்கு அருமையாகப் பொருந்தும். எதிரே குறுக்காக நிற்கும் தஞ்சைத் திருச்சுற்றுக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

குற்றமுள்ள வளைவுகளுக்குத் தனி அடையாளங்கள் இருக்கின்றன. திரையில் ஒரு நேர்க்கோட்டை வைத்துக் கூரை விளிம்பைத் தொடர்ந்து போனால் பிடித்துவிடலாம். விளிம்பு ஒரே சீரான வில்லாக இருந்து கண்மட்டமும் நேராக இருந்தால் அது விரிப்பின் வேலை. கண்மட்டமே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் பாம்புபோல் நெளிந்தால், கேமரா சாய்ந்திருந்ததை மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. சில தூண்களைச் செங்குத்து என்று குறித்துக் கொடுத்துவிட்டு மறுபடி கணக்கிடச் சொன்னால் நிமிர்ந்துவிடும். விளிம்பு படத்துக்குப் படம் தனித்தனிக் குட்டி வில்லாக, தோரணம் கட்டியதுபோல் இருந்தால் லென்ஸின் பீப்பாய்க் கோணல் திருத்தப்படவில்லை. விளிம்பு நேராக வந்து ஓர் இடத்தில் படிபோல் முறிந்தால் அது வளைவே அல்ல, இடமாறு தோற்றம். அந்த முறிவைக் கீழே பின்தொடர்ந்தால் கிட்டத்துப் பொருள் ஏதாவது ஒன்றில் போய் முடியும். நான்கு காரணங்களையும் "கோடு வளைகிறது" என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டு மதிப்பெண் போடுகிற ஒப்பீட்டால் யாருக்கும் பயனில்லை.

இனி மனிதர்கள். பெரிய கோவில் முற்றத்தில் மனிதர் நடமாட்டம் ஒரு திசை ஒழுங்கோடு இருக்கிறது: சுற்றுகிறவர்கள் வலமாகத்தான் சுற்றுவார்கள். பனோரமா எடுப்பவருக்கு இது பெரிய வரம், கவனிக்கிறவர்கள்தான் குறைவு.

நடக்கும் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நம்மிடமிருந்து 5 மீட்டரில் குறுக்கே கடந்தால், நம் பார்வையில் விநாடிக்குச் சுமார் 14 பாகை நகர்கிறார். நாம் இரண்டு விநாடிக்கு ஒரு படமாக 30 பாகை திரும்புகிறோம் என்றால் நம் வேகம் விநாடிக்கு 15 பாகை. ஏறக்குறைய ஒரே வேகம். நாம் திரும்பும் திசையிலேயே அவரும் நடந்தால், ஐந்து படங்களிலும் ஏறக்குறைய நடுவிலேயே வந்து நிற்பார். தைத்து முடித்த பனோரமாவில் ஒரே பச்சைப் புடவை ஐந்து இடங்களில் நடந்துகொண்டிருக்கும்! ஐந்து உருவமும் முழுசாக, தெளிவாக இருப்பதால் ஒப்பிடுகிறவர் அதைக் குறையாகவே பார்க்காமல் போகலாம். ஆடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். கைபேசிக் கீற்றில் அதே பெண் ஐந்து பேராக மாட்டார். ஒவ்வொரு கீற்றிலும் அவரே இருப்பதால் அகலமாக இழுபட்ட ஒருவராகிவிடுவார். எதிர்த்திசையில் நடப்பவர் குச்சியாக மெலிந்துவிடுவார்.

ஆகவே நடமாட்டத்துக்கு எதிராகத் திரும்ப வேண்டும். விமானத்தைச் சுற்றும் பாதைக்கு வெளியே, திருச்சுற்றை ஒட்டி நின்று விமானத்தைப் பார்த்தால், வலம் வருகிறவர்கள் நம் கண்ணுக்கு வலமிருந்து இடமாகப் போவார்கள். அப்போது இடமிருந்து வலமாகப் படம் எடுக்க வேண்டும். பாதைக்கு உள்ளே, விமானத்தின் பக்கம் நின்று வெளியே திருச்சுற்றைப் பார்த்து எடுத்தால் எல்லாம் தலைகீழ்: அவர்கள் இடமிருந்து வலமாகப் போவார்கள், நாம் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். எதிரெதிரே போகும்போது ஒரே ஆள் இரண்டு படங்களில் மாட்டும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. கைபேசிக்கு மட்டும் இந்த யோசனை முழுப் பலன் தராது. எதிர்த்திசைக்காரரும் அதில் உருக்குலைவார். கூட்டமுள்ள இடத்தில் கைபேசிப் பனோரமாவை நான் பதிவாக ஏற்பதில்லை.

இதற்குப் பிறகும் படியும் பகுதியில் ஒருவர் நின்றால் மென்பொருள் மூன்றில் ஒன்றைச் செய்யும். சராசரி எடுத்தால் அவர் ஊடுருவித் தெரியும் பேய் உருவமாவார். தையல் கோடு அவர்மேலேயே போனால் பாதி ஆளாவார். பெரும்பாலும் கால் மட்டும் மிஞ்சும், அல்லது நிழல் மட்டும். ஆளில்லாத நிழலைத் தேடுவது நல்ல சோதனை, ஏனென்றால் ஆளை மறைக்க மெனக்கெட்டவர்கள் தரையில் கிடக்கும் நிழலை மறந்துவிடுவார்கள். மூன்றாவது, வித்தியாசம் குறைவான வழியாகத் தையலை நெளித்துக் கொண்டுபோவது. ஆள் முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கினால் இது அற்புதமாக வேலை செய்யும். ஆனால் ஒரு குடும்பமே கைகோத்துப் படியும் பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டு நடந்தால் நெளிந்துபோக வழியில்லை. யாராவது ஒருவர் அறுபடத்தான் வேண்டும். கையால் செய்யக்கூடிய திருத்தம் முகமூடி. ஹியூஜினில் ஓர் ஆளைச் சுற்றி எல்லை வரைந்து, இந்தப் படத்திலிருந்து இவரை எடு அல்லது விடு என்று சொல்லலாம். அதற்கு எடுக்கும்போதே தயார் செய்திருக்க வேண்டும்: படியும் பகுதியில் ஆள் இருந்தால் திரும்பாமல் நின்று, அவர் நகர்ந்த பிறகு அதே திசையில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு படம் கூடுதலாக இருப்பது தொந்தரவே இல்லை.

பேய் உருவங்களிலும் இரண்டு சாதி உண்டு என்பதை மறக்கக்கூடாது. நடந்தவர் இரட்டையாகத் தெரிந்தால் காரணம் அவர். நகராத தூண் இரட்டையாகத் தெரிந்தால் காரணம் நாம். சந்தேகமாக இருந்தால் தூரத்தைக் கவனியுங்கள்: இடமாறு தோற்றத்தால் வந்த இரட்டையில், கிட்டத்துப் பொருளின் இரண்டு உருவங்களுக்கும் இடைவெளி அதிகமாகவும் எட்டத்தில் குறைவாகவும் இருக்கும். அசைவால் வந்ததில் அந்த ஒழுங்கு இருக்காது.

மென்பொருள் தரும் எண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இரண்டு படங்களுக்கும் பொதுவான புள்ளிகள் எவ்வளவு விலகிப் பொருந்தின என்று பிக்சல் கணக்கில் அது சொல்லும். சராசரி ஒரு பிக்சலுக்குக் கீழே வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பெரிய விலகலுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனாலும் அந்த எண் இறங்கும். நீக்கப்படுபவை எல்லாம் கிட்டத்துத் தூணின் புள்ளிகளாக இருக்கும், மிஞ்சுபவை விமானத்தின் புள்ளிகளாக இருக்கும். எண் அழகாகிவிட்டது, தூண் உடைந்தே கிடக்கிறது. எண்ணைக் கேட்கிறவர்கள் புள்ளிகள் எங்கே குத்தப்பட்டிருக்கின்றன என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், முற்றத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது. ட்ரைபாடும் தண்டவாளமும் முதலிடம். அனுமதி கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். அனுமதி இல்லாதபோது நூல் அதற்கு மிக அருகில் வருகிறது. கிட்டத்துத் தூணில் தையலை முகமூடி போட்டு ஒதுக்கினால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது சிரமம். உடம்பைத் திருப்பி எடுப்பது, முன்னால் 10 மீட்டருக்குள் எதுவும் இல்லாத இடத்தில் மட்டும் ஏற்கத்தக்கது. அங்கேகூடக் கால் பக்கத்துத் தரை ஓடுகளின் கோடுகளைச் சரிபார்க்க வேண்டும். கைபேசிப் படம் பார்க்க நன்றாக இருக்கும், அளக்க உதவாது.

பெரிய கோவிலையோ உங்கள் ஊர்க் கோவிலையோ பதிவாக எடுத்து வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தைத்து முடித்ததும் தனிப் படங்களை அழித்துவிடாதீர்கள். பனோரமாவின் கீழே எந்த விரிப்பு, எங்கே நின்று எடுத்தது, ஆட்களை நீக்கியிருக்கிறீர்களா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். தையல் முறைகள் இன்னும் மாறும். தனிப் படங்கள் கையில் இருந்தால் திரும்பத் தைத்துக்கொள்ளலாம்.